கை நனைக்காத ஞாயிறு

ஒரகடம் டீக்கடையில் திருமலை கேட்டான். ஒரு கையில் ஹெல்மெட், ஒரு கையில் டீ.

"கல்யாணம் பண்ணிக்கலாமா?"

தென்றல் டீயை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதை நிறுத்தவில்லை. டீ ஆறிய பிறகும் ஊதினாள்.

எதிரே ஒரு கன்டெய்னர் லாரி திரும்பியது. அது முழுதாகத் திரும்பி முடிக்கும்வரை இருவரும் அதையே பார்த்தார்கள்.

"கொஞ்சம் டைம் வேணும்" என்றாள்.

"சரி" என்றான்.

டீயை வைத்தான். ஹெல்மெட்டை மாட்டினான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

காலை ஷிப்ட் முடிந்தால் அவளைச் சேரப்பணஞ்சேரியில் இறக்கிவிடுவது அவன்தான். பின் சீட்டில் ஆள் இல்லை என்பது சிக்னல் தாண்டித்தான் அவனுக்குத் தெரிந்தது. திரும்பி வந்தான். அவள் ஏறிக்கொண்டாள்.

தெருமுனையில் இறங்கியதும் கேட்டான்.

"எவ்ளோ டைம்?"

"தெரியல."

"சரி" என்றான் மறுபடியும்.

அவர்களுக்குப் பழக்கம் இரண்டு வருஷமாக. அவள் கார் சீட் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாள். அவன் பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். இரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரியும். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். இரண்டு வீடும் தெரியாததுபோல் இருந்தன, ஒரு மரியாதைக்காக.

எதிர்க்க ஆளில்லாத காதலில் டைம் கேட்பவர்களை என்ன செய்வது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

*

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் காந்திமதி பக்கத்தில் உட்கார்ந்தாள். அதே லைனில் வேலை. தென்றலைவிட ஒரு வயது சின்னவள், வாய் பெரிது.

"கேட்டானா?"

"உனக்கு எப்டித் தெரியும்?"

"ஒரு வாரமா உன்னைப் பாக்குறப்பல்லாம் தொண்டையைக் கனைச்சுகினு இருந்தான். ஒண்ணு ஜலதோஷம், இல்லன்னா இதுதான். நீ இன்னா சொன்ன?"

"டைம் வேணும்னேன்."

"எதுக்கு?"

"யோசிக்க."

"இன்னா யோசிக்க?"

தென்றல் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"எப்ப வரைக்கும்?"

"தெரியலன்னு சொன்னேன்."

காந்திமதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி, ஒரு சீட்டை ஹோல்டுல போட்டா மஞ்சள் டேக் கட்டுற. அதுல இன்னா எழுதுற? இன்னா சந்தேகம், யார் பாக்கணும், எப்ப பாக்கணும். எதுவும் எழுதாம வெறும் டேக் கட்டினா ஸ்டோர்காரன் இன்னா பண்ணுவான்?"

"ரிஜெக்ட்ல தள்ளுவான்."

"ஆங்."

"அவன் சீட்டு இல்ல."

"அதான். சீட்டா இருந்தா அழாது. அவன் நேத்து நைட் ஷிப்ட்ல ஃபோர்க்லிஃப்ட்டைக் கொண்டுபோய்த் தூண்ல மோதினானாம்."

"அடி பட்டுச்சா?"

"தூணுக்குத்தான்."

தென்றல் இரண்டு ஸ்டாப் வரை பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு சொன்னாள்.

"அவன்தான் வேணும். வேற யாரும் வேணாம். ஆனா கல்யாணம்னு நெனச்சா வயித்துல ஒண்ணு பண்ணுது. பயமா பசியான்னு தெரியல."

"இதை அவன்கிட்ட சொன்னியா?"

"இல்ல. டீ சூடா இருந்துது."

*

அவன்கிட்ட சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தாள். அந்த வாரம் அவனுக்கு நைட் ஷிப்ட். இவள் வரும்போது அவன் தூங்கினான், அவன் வரும்போது இவள் லைனில் இருந்தாள். சாயங்காலத்தில் அவளுக்கு வகுப்பு. தண்டலத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் பகுதிநேர டிப்ளமோ, கடைசி வருஷம். போனில் சொல்கிற விஷயமில்லை என்று நினைத்தாள். டீக்கடையில் காரணம் சொல்லாதது முதல் தப்பு, இது இரண்டாவது.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அம்மா செங்கமலம் ஐந்து கிலோ அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள்.

"யார் வர்றாங்க?"

"இன்னாடி ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குற. நாளைக்கு அவங்க வூட்ல பூ வெக்க வர்றாங்க. நீதான் சரின்னு சொல்லிட்டியாமே."

பூ வைப்பது என்றால் முடிவு செய்வது. மாப்பிள்ளை வீட்டு மல்லிகை பெண் தலையில் ஏறினால் அதோடு பேச்சு முடிந்தது. அப்புறம் தேதிதான்.

தென்றல் மாடிக்குப் போய் திருமலைக்கு போன் போட்டாள். தூக்கக் குரலில் எடுத்தான்.

"நான் எப்ப சரின்னு சொன்னேன்?"

"சொல்லல."

"அப்புறம்?"

"நீ டைம் கேட்டன்னு அம்மாகிட்ட சொன்னேன். பொண்ணு டைம் கேட்டா சரின்னுதான்டா அர்த்தம், வேற எப்டி சொல்லும்னாங்க."

"நீ இன்னா நெனச்ச?"

"நீ என்னை வேணாங்கிறன்னு நெனச்சேன்."

"அப்ப ஏன் வர்ற?"

அவன் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அம்மா சொல்றது எனக்குப் பிடிச்சிருந்துது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"வரவேணாம்னு சொல்லு."

"நீ சொல்றியா? பூவுக்குச் சொல்லிட்டாங்க. எங்கப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுகினு கீறாரு. அவரு கடைசியா இஸ்திரி போட்டது எலக்ஷனுக்கு."

கீழே அரிசி களையும் சத்தம் கேட்டது. அவளுக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார்கள். திருமலை, அவன் அம்மா இந்திராணி, அப்பா குமாரவேல். தட்டில் பழம், வெற்றிலை, பாக்கு. தனியாக ஒரு வாழையிலைப் பொட்டலத்தில் மல்லிகை.

"வாங்க சம்மந்தி" என்றாள் செங்கமலம்.

தென்றலின் அப்பா கன்னியப்பன் நாற்காலிகளைத் துடைத்த துண்டால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார். எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணு கூப்பிடாமலேயே வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். அவள் எல்லா வீட்டு விசேஷத்துக்கும் அப்படித்தான்.

சமையல் காலையிலேயே முடிந்திருந்தது. முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், வடை, பாயசம். வாசனை தெருவரை போயிருந்தது. குமாரவேல் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து அடுப்பங்கரை நேராகத் தெரிந்தது. அவர் வேறு பக்கம் பார்க்கவில்லை.

காபி வந்தது. இந்திராணி சர்க்கரை இல்லாமல் குடித்தாள். அவளுக்குச் சுகர். மாத்திரை போட்டுக்கொண்டுதான் கிளம்பியிருந்தாள்.

"பொண்ணைக் கூப்டு ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றார் கன்னியப்பன். "ஒரு முறைக்கு."

தென்றல் வந்து நின்றாள். புடவை அம்மாவுடையது.

"இன்னாம்மா, சம்மதம்தானே?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் தட்டை எடுக்கக் கை நீட்டினார்.

"எனக்கு டைம் வேணும்."

கை அப்படியே நின்றது.

"அதான் குடுத்தாச்சே" என்றாள் இந்திராணி. "ஒரு வாரம் ஆயிடுச்சேம்மா."

"இன்னும் வேணும் அத்தை."

இந்திராணி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பன்னெண்டு மணிக்கு எமகண்டம். அதுக்குள்ள யோசிச்சு சொல்லிடு கண்ணு. நாங்க உக்காந்துகினு கீறோம்."

உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தென்றல் யோசிப்பதைப் பார்த்தார்கள். பார்க்கிறார்கள் என்பதைத் தவிர அவளால் எதையும் யோசிக்க முடியவில்லை. பன்னிரண்டு அடித்தது.

"போச்சு" என்றாள் சின்னப்பொண்ணு. "இனிமே ஒன்றரை வரைக்கும் ஆமான்னும் சொல்லக்கூடாது, இல்லன்னும் சொல்லக்கூடாது."

"அப்ப சாப்ட்டுடலாமா?" என்றார் குமாரவேல்.

இந்திராணி அவரைப் பார்த்தாள். அவர் மறுபடி அடுப்பங்கரையைப் பார்த்தார்.

அவர்கள் வழக்கம் அப்படி. காபி, தண்ணீர் பரவாயில்லை. சோற்றில் கை வைக்கக்கூடாது. பெண் வீடோ பிள்ளை வீடோ, சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று பொருள். பேச்சு முடியாமல் நனைத்துவிட்டு நாளைக்கு இல்லை என்று ஆனால், சம்பந்தம் முறிந்தது என்று ஊர் பேசும். செங்கமலத்துக்கும் அதே வழக்கம்தான். அதனால்தான் ஐந்து கிலோ அரிசி.

"ஒரு வடையாவது?" என்றார் குமாரவேல்.

"வடை இலையில வெக்கிறது" என்றாள் இந்திராணி.

*

கொல்லைப்பக்கம் மோட்டார் ரூம் இருந்தது. தென்றல் திருமலையைக் கண்ணால் கூப்பிட்டாள். அவன் எழுந்தான். யாரும் தடுக்கவில்லை. எமகண்டத்தில் காதலர்கள் பேசக்கூடாது என்று எதுவும் இல்லை.

அவன் மோட்டார் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. நான் ஒண்ணும் ஆயிடமாட்டேன்" என்றான்.

"தூண்ல மோதினது யாரு?"

"அது பிரேக்கு."

"என்னைப் பாரு" என்றாள். அவன் பார்த்தான். "வேணாம்னு நான் சொல்லல. முதல்ல அதை மண்டையில ஏத்திக்கோ. உன் மேல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல. பண்ணினா உன்னைத்தான்."

"பண்ணினாவா?"

"ஆமா. அந்த 'னா'வை இன்னைக்கு என்னால எடுக்க முடியாது. அதான் விஷயம்."

அவன் மோட்டார் மேல் உட்கார்ந்தான். அது சூடாக இருந்தது. எழுந்துகொண்டான்.

"ஏன்?"

அவள் மேலே காட்டினாள். ஓட்டுச் சாய்ப்பில் ஒரு பரண். அதில் சாக்கு போட்டு மூடிய ஒரு அட்டைப்பெட்டி.

"எங்க கவிப்பிரியா அக்கா புக்கு. பி.எட். பாதியில இருந்தப்ப மாமா வீட்டுல வந்தாங்க. நல்ல மனுஷங்க. கல்யாணத்துக்கு அப்புறம் முடிச்சுக்கலாமேன்னாங்க. அக்காவும் சரின்னா. மாமாவும் நல்லவருதான். யாரும் வேணாம்னு சொல்லல. ஆனா பெட்டி இங்கதான் கீது. எலி பாதி முடிச்சிடுச்சு."

"நீ படிக்கறதை நான் எதுக்கு நிறுத்தப் போறேன்?"

"நீ நிறுத்தமாட்ட. நான் நிறுத்திடுவேன். தை மாசம் கல்யாணம்னா, சேலை எடுக்க ஒரு நாளு, பத்திரிகைக்கு ஒரு நாளு. அப்புறம் உங்க வூட்ல புதுசு. காலையில ஷிப்ட். அத்தை அடுப்புகிட்ட நிக்கிறப்ப நான் புக்கை வெச்சுகினு உக்கார மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்."

அவன் பரணையே பார்த்தான்.

"அது மட்டும்தானா?"

ஆமா என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். மஞ்சள் டேக் ஞாபகம் வந்தது. பாதி எழுதின டேக்கும் வெறும் டேக்தான்.

"இல்ல. டிப்ளமோ முடிச்சா கான்ட்ராக்ட்டுலேர்ந்து ஸ்டாஃப் ஆகலாம். ஆகாமலும் போகலாம். அதை நானாப் பாக்கணும். அப்புறம், எனக்குப் பயமா கீது. எதுக்குன்னு முழுசாத் தெரியல. உனக்கு இல்லையா?"

"கீது" என்றான் உடனே. "கேக்கறதுக்கு முன்னாடி நாலு டீ குடிச்சேன்."

"அதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஊதிகினே இருந்த."

இருவரும் சிரித்தார்கள். உள்ளே யாரோ, "சிரிக்கிறாங்க, ஒன்றரை ஆயிடுச்சா பாரு" என்றார்கள்.

"எப்ப வரைக்கும்?" என்று கேட்டான். அன்று தெருமுனையில் கேட்ட அதே கேள்விதான். இந்தத் தடவை அவள் தெரியல என்று சொல்லவில்லை.

"ஏப்ரல். கடைசிப் பரீட்சை முடியற அன்னைக்குப் பதில் சொல்றேன். கல்யாணம் இல்ல, பதில். நடுவுல மனசு மாறினா அன்னைக்கே சொல்லிடுவேன், ஏப்ரலுக்குன்னு வெச்சிக்க மாட்டேன். அதுவரைக்கும் நீ கேக்கக்கூடாது."

"கேக்கவே கூடாதா?"

"கல்யாணத்தைத் தவிர எல்லாத்தையும் கேளு. எங்க இருக்கறது, யாரு சமைக்கறது, என் சம்பளம், உன் சம்பளம். எல்லாம் பேசலாம்."

"அதெல்லாம் கல்யாணம் இல்லையா?"

"அதெல்லாம்தான் கல்யாணம். நான் கேக்கக்கூடாதுன்னது 'சரியா, சரியா'ன்னு."

அவன் கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறினான்.

"எனக்குத் தம்பி ஒருத்தன் கீறான். பிரவீனு. அவனும் ஒரு பொண்ணைப் பாத்து வெச்சுகினு கீறான். நான் முடிச்சாத்தான் அவனுக்கு வழி. அம்மா தைக்குன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு."

"தெரியும். அதனால நீயும் ஒண்ணு சொல்லணும். காத்திருக்க முடியும்னா சொல்லு. முடியாதுன்னா அதையும் சொல்லு. அது எனக்குக் கஷ்டமா இருக்கும், ஆனா நான் உன்மேல கோவப்பட மாட்டேன். எனக்காகப் பாவம் பாத்துகினு சரின்னு மட்டும் சொல்லாத. உன் 'சரி' எனக்குத் தெரியும். ரெண்டு தடவை சொல்லிட்டு வண்டியை எடுத்துகினு போனவன் நீ."

அவன் சரி என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டான்.

"எனக்குக் கொஞ்ச நேரம் வேணும்" என்றான்.

"எடுத்துக்கோ."

அவன் கிணற்றடிவரை போனான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். அவள் வயிற்றில் ஒன்று பண்ணியது. இது பசி இல்லை என்று இப்போது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவன் முடியாது என்று சொல்லலாம். சொல்ல அவனுக்கு இடம் கொடுத்ததும் அவள்தான்.

திரும்பி வந்தான்.

"ஏப்ரல் வரைக்கும் முடியும். அதுக்கு மேல முடியுமான்னு தெரியாது. அன்னைக்கு நீ மறுபடியும் டைம் கேட்டா நான் வேற யோசிப்பேன்."

"நியாயம்தான்."

"அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன். நீ என் பக்கத்துல நில்லு."

"பக்கத்துலன்னா எந்தப் பக்கம்?"

"எங்கம்மா கை எட்டாத பக்கம்."

*

உள்ளே நிலைமை மாறியிருந்தது. இந்திராணியின் கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"மாத்திரை போட்டுகினு வெறும் வயித்துல கீது" என்றார் குமாரவேல். குரலில் கவலை இருந்தது. கொஞ்சம் நம்பிக்கையும் இருந்தது.

செங்கமலம் சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்தாள்.

"இனிப்பு வேணாம்" என்றாள் இந்திராணி. "பேச்சு முடியாம இந்த வூட்டு இனிப்பை வாயில போடமாட்டேன்."

சின்னப்பொண்ணு எழுந்து எதிர்வீட்டுக்குப் போனாள். ஒரு பாக்கெட் குளுக்கோஸ் பிஸ்கட்டோடு வந்தாள்.

"இது என் வூட்டுது. சாப்டு. எனக்கு ரெண்டு பசங்க, ரெண்டுக்கும் கல்யாணம் ஆயிடுச்சு. உங்கிட்ட சம்மந்தம் பண்ண என்கிட்ட ஒண்ணும் இல்ல."

இந்திராணி யோசித்துப் பார்த்தாள். தப்பு எதுவும் தெரியவில்லை. நான்கு பிஸ்கட் சாப்பிட்டாள். குமாரவேல் இரண்டு எடுத்துக்கொண்டார், துணைக்கு.

கடிகாரம் ஒன்றரை காட்டியது. தென்றல் நடுவில் வந்து நின்றாள். திருமலை பக்கத்தில் நின்றான்.

கொல்லையில் சொன்னதையே சொன்னாள். பரீட்சை, ஏப்ரல், பதில். அக்கா பெட்டியைப் பற்றிச் சொன்னபோது கன்னியப்பன் தரையைப் பார்த்தார்.

இந்திராணி முழுதும் கேட்டாள்.

"எம்புள்ளைக்கு இன்னா குறைச்சல்?"

"ஒண்ணும் இல்ல அத்தை."

"என்கிட்ட?"

"உங்ககிட்டயும் இல்ல."

"அப்ப மறைமுகமா வேணாங்கிற."

"வேணாம்னா நேராச் சொல்லியிருப்பேன். எனக்கு உங்க புள்ளை வேணும். அரைகுறையா வரத்தான் பிடிக்கல. இன்னைக்கு நீங்க வெக்கிற பூவைத் தலையில வாங்கிக்கலாம். எல்லாரும் சாப்பிடலாம். நான் மட்டும் உள்ள உக்காந்து அழுவேன். அந்தப் பொண்ணையா நீங்க கூட்டிகினு போறது?"

"அழுதுகினு வந்தா எனக்குத்தான் தலைவலி" என்றாள் இந்திராணி. அது அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்தபின் அவளே அதை யோசித்தாள். "ஊர்ல கேட்டா இன்னா சொல்றது?"

"பொண்ணு பரீட்சை எழுதுது, ஏப்ரல்ல சொல்லும்னு சொல்லுங்க."

"பொண்ணு சொல்லுமா? இதுவரைக்கும் எங்க வம்சத்துல பொண்ணு சொல்லி யாரும் காத்துகினு இருந்தது இல்ல."

"நான் இருந்தேனே" என்றார் குமாரவேல்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"உன்னைக் கேட்டப்ப உங்கப்பன் ஆடி போவட்டும்னான். அப்புறம் ஐப்பசி போவட்டும்னான். நான் காத்துகினுதான் இருந்தேன். சொன்னது உங்கப்பன், சொல்லச் சொன்னது நீன்னு எனக்கு அப்பவே தெரியும்."

இந்திராணி முந்தானையைச் சரி செய்தாள்.

"டேய்" என்றாள் மகனிடம். "உனக்கு?"

"ஏப்ரல் வரைக்கும் இருப்பேன்மா."

"பிரவீனு கத்துவான்."

"கத்தட்டும். அவனையும் பரீட்சை எழுதச் சொல்லு."

செங்கமலம் இவ்வளவு நேரம் அடுப்பங்கரைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது அழ ஆரம்பித்தாள்.

"ஐயோ, அத்தனை சோத்தையும் நான் இன்னா பண்ணுவேன் சம்மந்தி!"

"இன்னும் சம்மந்தி இல்ல" என்றாள் சின்னப்பொண்ணு. "அக்கான்னு கூப்டு. எல்லாத்தையும் தூக்குங்க. என் வூட்டுக்குப் போலாம்."

"எதுக்கு?"

"என் வூட்ல சாப்ட்டா அது என் விருந்து. நீங்களும் விருந்தாளி, அவங்களும் விருந்தாளி. யார் கையும் யார் வூட்லயும் நனையல."

சட்டத்தில் ஓட்டை இருக்கிறதா என்று இந்திராணி தேடினாள். குமாரவேல் தேடவில்லை. அவர் சாம்பார் அண்டாவின் ஒரு காதைப் பிடித்திருந்தார். இன்னொரு காதைக் கன்னியப்பன் பிடித்தார்.

அண்டா தெருவைக் கடந்தது. பின்னால் சோறு, வறுவல், வடை, பாயசம். கடைசியாக செங்கமலம் இலைக்கட்டோடு போனாள். அந்தப் பக்கம் வந்த கம்பெனி பஸ் ஒன்று நின்று வழிவிட்டது. டிரைவர் கேட்டார்.

"இன்னாக்கா, வூடு மாத்துறீங்களா?"

"இல்லப்பா" என்றாள் சின்னப்பொண்ணு. "டைம் கேட்டுகினு கீறோம்."

குமாரவேல் மூன்று தடவை சோறு வாங்கினார்.

கிளம்பும்போது மல்லிகைப் பொட்டலம் மிச்சம் இருந்தது. திரும்ப எடுத்துப் போகக்கூடாது, தென்றல் தலையில் வைக்கவும் கூடாது. இந்திராணி அதைச் சின்னப்பொண்ணு வீட்டு சாமி படத்துக்குப் போட்டாள். போட்டுவிட்டுத் தென்றலிடம் சொன்னாள்.

"படிக்கிறதுன்னா ஒழுங்காப் படி. ஏப்ரல்ல பெயிலு, அதனால இன்னும் டைமுன்னு வந்துடாதே."

*

குளிர்காலம் போனது. திருமலை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை அவன் வெளிப்படையாகச் செய்தான். படப்பை ரோட்டில் கல்யாண மண்டபம் வந்தால் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பி வண்டி ஓட்டினான். ஒருநாள் அப்படி ஒரு மாட்டின் மேல் மோதப் பார்த்தான்.

மற்றதெல்லாம் பேசினார்கள். அவளுக்குக் காலை ஷிப்ட் என்றால் சமையல் யார் என்று கேட்டாள்.

"அம்மா" என்றான்.

அவள் டீயை ஊதினாள்.

"நான்" என்றான்.

அடுத்த வாரம் டப்பாவில் ஏதோ கொண்டு வந்தான். உப்புமா என்று அவன் சொன்னான். அவள் அதை முழுதும் சாப்பிட்டாள்.

"டீக்கடையில சாப்ட்டா கணக்கு இல்லையே?" என்று கேட்டான்.

"இதைச் சாப்பாட்டுக் கணக்குலயே சேக்க முடியாது" என்றாள்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு ராத்திரி முழுக்க. மறுநாள் அவனிடம் சொன்னாள். அவன் முகம் சுண்டியது. ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை. "இப்பவும் இருக்கா?" என்றான். "காலையில கம்மி ஆயிடுச்சு" என்றாள். "சொன்னதுக்கு நன்றி" என்றான். அது அவன் பேசுகிற பேச்சே இல்லை. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டாள். காந்திமதி சொல்லிக்கொடுத்ததாம்.

*

ஏப்ரலில் கடைசிப் பரீட்சை மத்தியானத்துக்கு முன்னால் முடிந்தது. தண்டலத்தில் பஸ் ஏறினாள். வீட்டுப் பக்கம் போகிற பஸ் இல்லை. பென்னலூரில் இறங்கினாள், திருமலையின் ஊரில். அம்மாவிடம் காலையிலேயே சொல்லியிருந்தாள். அம்மா எதிர்வீட்டில் சொல்லியிருப்பாள்.

வெயில் கொளுத்தியது. கதவு திறந்திருந்தது. குமாரவேல் கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பேப்பரை மடித்தார். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிய திருமலை லுங்கியோடு எழுந்து வந்தான். தலைமுடி ஒரு பக்கம் நின்றது.

அவன் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது அவனுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான்.

"எழுதிட்டேன்" என்றாள்.

தலையாட்டினான்.

"நல்லா எழுதியிருக்கேன்."

தலையாட்டினான்.

"பசிக்குது. கை கழுவத் தண்ணி குடு."

அவன் சொம்பை எடுத்துக்கொண்டு நடந்தான். பாதியில் நின்றான். மெதுவாகத் திரும்பினான்.

"சும்மா கை கழுவவா?"

"சோறு சாப்பிட."

"எங்க வூட்லயா?"

"வேற எங்க? சின்னப்பொண்ணு அக்கா வீட்டுக்கா போறது?"

சொம்பு கீழே விழுந்து உருண்டது. அடுப்பங்கரையிலிருந்து இந்திராணி ஓடி வந்தாள். அவளுக்கு விஷயம் உடனே புரிந்தது. முகம் மலர்ந்தது. அடுத்த நொடி வெளிறியது.

"ஐயையோ. இன்னைக்குன்னு பாத்து வெறும் ரசம்தான் வெச்சேன்."

"ரசம் போதும் அத்தை."

"எதுக்குப் போதும்? மருமவ முதல் தடவை கை நனைக்கிறது ரசத்துலயா? உங்கம்மா அண்டா அண்டாவா ஆக்கி வெச்சா. நாளைக்கு அவ என்னை இன்னா பேசுவா?"

"பரவாயில்ல அத்தை."

"உனக்குப் பரவாயில்ல. எனக்குக் கீது." அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "எனக்குக் கொஞ்சம் டைம் வேணும்."

உள்ளே போய்விட்டாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

தென்றல் திருமலையைப் பார்த்தாள். திருமலை அப்பாவைப் பார்த்தான்.

"வேணாம்னு சொல்லலம்மா" என்றார் குமாரவேல். "சாம்பார் வைக்கிறா."

அவள் உள்பக்கம் எட்டிக் கேட்டாள்.

"எவ்ளோ டைம் அத்தை?"

"பருப்பு வேகற வரைக்கும்!"

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். திருமலை பக்கத்தில் உட்கார்ந்தான். இருவரும் காத்திருந்தார்கள்.